வீடு பார்த்துவிட்டுப் போனவரை எப்போது கூப்பிடுவது? காரைக்குடிப் பக்கம் வீடு விற்றுத் தரும் தரகர்களுக்கான கேள்வி பதில்

வீட்டைக் காட்டி முடிச்சாச்சு. முதல் போன் எப்போ பண்ணணும்?

அன்றைக்குப் போன் வேண்டாம், சாயங்காலம் ஒரு வாட்ஸ்அப் போதும். ஆனால் அதற்கு முன்பே, அவர்கள் காரில் ஏறும் முன் வாசலில் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில், பாதி வேலை முடிந்துவிட வேண்டும். அங்கே மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் யாராவது வந்து பார்க்க வேண்டுமா? எந்த விவரம் கிடைத்தால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்? நான் என்றைக்கு, யாருக்குக் கூப்பிடட்டும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடுங்க" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், ஞாயிறு போகும் போன் தொந்தரவு இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது. அதே போனை நாள் குறிக்காமல் புதன்கிழமை போட்டால், பேசுவது அதே விஷயமாக இருந்தாலும், தரகர் விரட்டுகிறார் என்றுதான் தோன்றும்.

"பிடிச்சிருக்கா?" என்று வாசலில் கேட்காதீர்கள். வீட்டுக்காரர் உள்ளே நிற்கும்போது நம்ம ஊரில் யாரும் அதற்கு உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள்.

அன்னைக்குச் சாயங்காலம் என்ன அனுப்பணும்?

சின்னதாக ஒன்று. வந்ததற்கு ஒரு வரி. அவர்கள் நின்று பார்த்த இடத்தின் இரண்டு படம். கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குப் பதில். மீதி எப்போது வரும் என்று ஒரு வரி. மறுமொழி எதிர்பார்க்கும் கேள்வி எதுவும் வேண்டாம்.

"ஐயா வணக்கம். இன்னைக்கு வெயில்ல வந்து பார்த்ததுக்கு நன்றி. ஆச்சி கேட்ட பின்கட்டு அளவு 14க்கு 11 அடி, படம் வச்சிருக்கேன். வில்லங்கச் சான்று செவ்வாய்க்கிழமை அனுப்புறேன். ஞாயித்துக்கிழமை 7 மணிக்கு மேல கூப்பிடுறேன்."

இவ்வளவுதான். விளம்பரத்தில் போட்ட இருபது படத்தையும் மறுபடி அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள்.

அப்புறம் எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

பொதுவாக அன்று சாயங்காலம், இரண்டு மூன்று நாளில் ஒன்று, ஒரு வாரத்தில் ஒரு போன், பிறகு பதினைந்து நாள், அதற்கப்புறம் மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாள் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஓடாது. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்ட ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். கையில் ஒன்றும் இல்லாத நாளில், கணக்குப்படி முறை வந்தாலும் தள்ளிப் போடுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். அழகப்பாபுரம் பக்கம் ஐந்தரை சென்ட் இடத்தில் ஒரு தனி வீடு, சொல்லும் விலை 62 லட்சம். கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஓய்வு பெற்ற பெரியவரும் அவர் வீட்டம்மாவும் பார்க்கிறார்கள். பணம் போடப் போகிற மகன் சிங்கப்பூரில். வாசலில் மூன்று சந்தேகம் கேட்டார்கள்: தண்ணீர் எப்படி, பத்திரம் சுத்தமா, கைக்காசு எவ்வளவு வேண்டியிருக்கும்.

ஞாயிறு சாயங்காலம் மேலே சொன்ன மாதிரி ஒரு செய்தி போகிறது.

செவ்வாய்க்கிழமை தண்ணீரும் வில்லங்கமும். மாநகராட்சிக் குழாயில் எந்த நேரம் தண்ணீர் வருகிறது, தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, முடிந்தால் தண்ணீர் விழும்போது ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பலாம். போர் எத்தனை அடி என்பதும் அதிலேயே போய்விடட்டும். tnreginet.gov.in தளத்தில் 30 வருட வில்லங்கம் போட்டு எடுத்த நகலையும் சேர்த்து அனுப்புங்கள். வில்லங்கத்தில் பழைய அடமானம் ஏதாவது தெரிந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ரத்து ரசீது பதிவாகியிருந்தால் அது எந்த வருடப் பதிவில் இருக்கிறது என்று காட்டுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் அடுத்த உங்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை மகனுக்குக் கணக்கு. பல பேர் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான், வாங்குபவரை உண்மையில் நகர்த்துவதும் இதுதான். 62 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 4,34,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 2 சதவீதம், 1,24,000. இரண்டும் சேர்ந்து 5,58,000. பேசிய விலையை விட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் இந்தக் கணக்கு ஓடும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி அதிகபட்சம் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தர முடியும். வங்கியின் மதிப்பீட்டாளரும் 62 என்றே எழுதினால் கடன் 49,60,000. ஆகக் கைக்காசு 12,40,000, பதிவுச் செலவு 5,58,000, மொத்தம் கிட்டத்தட்ட 18 லட்சம். மதிப்பீட்டாளர் 55 என்று எழுதினால் கடன் 44 லட்சமாகக் குறையும், கைக்காசு இன்னும் ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஏறும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருக்கும் பட்சத்தில் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு இல்லை, விற்பவருக்குக் கொடுப்பதில் கழிப்பது. ஆனால் பத்திர வாரத்தில் முதல் தடவையாகக் கேள்விப்பட்டால் குழப்பமாகிவிடும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் தெளிவாக எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். "எப்போ முடிக்கிறீங்க" என்று கேட்கத் தேவையே இருக்காது. 18 லட்சம் இருக்கிறதா, எப்போது வரும் என்ற பேச்சு அந்த வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிடும்.

சொன்னபடி ஞாயிறு போன். ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும். "அனுப்பின கணக்குல ஏதாச்சும் விளங்காம இருக்கா?" என்பது தொடக்கம். மகன் பொங்கலுக்கு வருகிறான், அதற்கப்புறம்தான் முடிவு என்று பெரியவர் சொல்கிறார். சரி. அங்கேயே அடுத்த நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: "அப்ப டிக்கெட் போட்டதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானா இடையில போன் பண்ண மாட்டேன், பேப்பர் விஷயம் ஏதாச்சும் வந்தா மட்டும் வாட்ஸ்அப்ல போடுறேன்."

அதற்கப்புறம் மார்கழி முழுக்க அநேகமாக ஒரே ஒரு செய்திதான் போகும். மழையில் மாடிச் சுவரில் ஈரம் இறங்கியது என்று பார்க்க வந்த அன்று பேச்சு வந்திருந்தால், வீட்டுக்காரர் அதைச் சரிசெய்த பிறகு படம். பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னால், "தம்பி எந்தத் தேதி ஊருக்கு வர்றாங்க? காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில வீட்டைத் திறந்து வைக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி. இரண்டாவது தடவை மகன் வந்து பார்க்கும்போது பேச்சு விலையைப் பற்றித்தான் இருக்கும், வீட்டைப் பற்றி அல்ல. தையில் அட்வான்ஸ்.

ஏழு வாரத்துக்கு மேல் ஓடிய இந்தக் கதையில் முதல் வாரம்தான் நெருக்கம். ஆர்வம் சூடாக இருப்பதும் சந்தேகம் நிறைய இருப்பதும் அந்த வாரத்தில்தான். பிறகு விடுவது தப்பில்லை. பல தரகர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். முதல் வாரம் சும்மா இருந்துவிட்டு, மூன்றாவது வாரம் பயம் வந்து தினமும் அடிக்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அது வேண்டாம்னு அர்த்தமா?

பாதி நேரம் ஆமாம். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வது நம்ம பக்கத்தில் மரியாதை இல்லை. அதனால் இந்தச் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாமல், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குக் கதவையும் பாராட்டிவிட்டு ஒன்றுமே கேட்காமல் போனவர் பெரும்பாலும் திரும்ப மாட்டார். "இந்தச் சுவர் பொதுச் சுவரா?", "பட்டா யார் பேர்ல?", "பீரோ இந்த வாசல் வழியா போகுமா?" என்று குறை கேட்டவர் மனதுக்குள் குடியேறிப் பார்க்கிறார்.

சந்தேகமாக இருந்தால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு சுலபமான வழி கொடுங்கள். ஒரு வாரம் கழித்து இப்படி எழுதலாம்: "இந்த வீடு உங்களுக்குச் சரிவரலைன்னா தயங்காமச் சொல்லுங்க. விலையா, தெருவா, வாசல் பார்த்த திசையான்னு மட்டும் தெரிஞ்சா, தோதான வீடு வந்தா மட்டும் சொல்வேன்." வாசல் தெற்கு என்பதால் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் வரும். அதைச் சொல்லத்தான் அவருக்கு இத்தனை நாள் சங்கடம். இந்த வீட்டுக்கு இல்லாவிட்டாலும், வேறு வீட்டுக்கு இப்போது அவர் உயிரோடு இருக்கும் பார்ட்டி.

ப்ளூ டிக் விழுது, பதில் மட்டும் வரலை. திரும்பப் போடலாமா?

இரண்டு நாள் விடுங்கள். "சார் மெசேஜ் பார்த்தீங்களா?" என்று போடாதீர்கள், பார்த்தது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்து எழுதும்போது புதிதாக ஒன்றோடு போங்கள். போனை எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு மறுபடி அடிக்காதீர்கள். எதற்காகக் கூப்பிட்டீர்கள் என்று ஒரு வரி மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டால், அவரே நேரம் பார்த்துக் கூப்பிடுவார். வேறு நம்பரிலிருந்து அடிப்பது மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

"வேற பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு சொன்னா சீக்கிரம் முடிவெடுப்பாங்களே?

பொய்யாக இருந்தால் சொல்லாதீர்கள். இது சென்னை இல்லை. வீட்டுக்காரரின் மச்சினர் கடைக்கு எதிர்க்கடை வாங்குபவரின் சித்தப்பாவுடையதாக இருக்கும். இரண்டு நாளில் வெளியே வந்துவிடும். வந்ததும் நீங்கள் சொன்ன வில்லங்கம், விலை, தண்ணீர் எல்லாமே பொய்யாகிவிடும்.

உண்மையாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், சொல்லாமல் விடுவதுதான் அவருக்குச் செய்யும் துரோகம். ஆனால் விவரத்தோடு சொல்லுங்கள்: "நேத்து மதுரையிலேர்ந்து ஒரு குடும்பம் பார்த்தாங்க. வெள்ளிக்கிழமை டோக்கன் தர்றதா சொல்லியிருக்காங்க. ஓனர் அதுவரைக்கும் பொறுப்பேன்னு சொல்லிட்டார். உங்களுக்குத் தெரியாம முடிஞ்சிடக் கூடாதுன்னு சொல்றேன்." அதோடு நிறுத்துங்கள். வெள்ளி காலை நினைவூட்டல் வேண்டாம்.

ஆடி, மார்கழி, ராகு காலம் எல்லாம் பார்க்கணுமா?

உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது பிரச்சினை இல்லை, அவருக்கு இருக்கிறதா என்பதுதான். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் வேண்டாம் என்பவர் நிறைய. அந்த மாதங்களில் முடிவு கேட்டால் சும்மா "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும், அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்கும் சலித்துவிடும். ஆடியில் பேப்பர் வேலை மட்டும் செய்யுங்கள்: வக்கீலிடம் பத்திர நகல் கொடுப்பது, பட்டாவில் பெயர் சரியா என்று eservices.tn.gov.in தளத்தில் பார்ப்பது, வங்கி மதிப்பீட்டாளரை அழைத்து வருவது. "ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கும்" என்று சொன்னால் அந்த மாதம் வீணாகாது.

விலையோ அட்வான்ஸோ பேசுகிற போனை மட்டும் ராகு காலத்தில் போடாதீர்கள். முக்கியமாக ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. வாங்குபவர்கள் வீட்டில் இருப்பதும் அப்போதுதான், தரகர்கள் கூப்பிடுவதும் அப்போதுதான். ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துகொண்டிருப்பவருக்கு எந்தச் செய்தியும் வேண்டாம். முத்துமாரியம்மன் திருவிழா வாரத்திலும் அப்படித்தான், வீடு நிறைய விருந்தாளி இருப்பார்கள்.

பார்த்தது அப்பா அம்மா, பணம் போடுறது வெளிநாட்டுல இருக்கிற பையன். யாரைக் கூப்பிடுறது?

பெரியவரைத்தான் முதலில். மகனுடைய நம்பரை அவரிடம் கேட்டு வாங்குங்கள், அவருக்குத் தெரியாமல் தேடிப் பிடிக்காதீர்கள். "கணக்கு, பேப்பர் எல்லாம் தம்பிக்கு நேரா அனுப்பட்டுமா ஐயா?" என்று கேட்டால் பெரும்பாலும் அவரே கொடுத்துவிடுவார். அதற்கப்புறம் மகனுக்கு அனுப்புவதை எல்லாம் அவருக்கும் அனுப்புங்கள். மகனுக்கு ஒரு விலை, அப்பாவுக்கு ஒரு விலை என்று பேச்சு போனால் அன்றோடு முடிந்தது.

சிங்கப்பூர், மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நம்ம இரவு 8 மணி அவர்களுக்கு 10.30. வேலை நாளில் நம்ம மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை தோதான நேரம். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால், அங்கே நம்ம 9 மணிக்குக்கூடக் கூப்பிடலாம்.

ஆச்சியை மறந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடாதவர்தான், ஆனால் அடுப்படி சரியில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மகன் வரவே மாட்டான். முதல் செய்தியில் அவர் கேட்ட பின்கட்டு அளவைச் சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

ஓனர் தினமும் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு"ன்னு கேக்குறார். அதனாலதான் நானும் பார்ட்டியை நெருக்க வேண்டியிருக்கு.

ஓனருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை காலை அவர் கேட்கும் முன் நீங்களே கூப்பிட்டு, யார் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள், அடுத்து என்றைக்குப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். தகவல் இல்லாததால்தான் அவர் தினமும் கேட்கிறார். அவருடைய அவசரம் வாங்குபவர் காதுக்குப் போனால், போன அன்றே விலை இறங்கும்.

செட்டிநாட்டுப் பெரிய வீடு. பங்காளிங்க ஏழெட்டுப் பேர். பார்த்தவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எப்படித் தொடர்றது?

இங்கே ஆறப் போடக் கூடாது என்று வாங்குபவர் பின்னால் ஓடுவதில் அர்த்தமில்லை. விற்கும் பக்கம்தான் ஆறிப் போகும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை போகும் வீட்டில், ஒரு பங்குக்காரர் சம்மதிக்காவிட்டாலும் முழு வீட்டுக்கும் கிரயம் நடக்காது. படைப்பு அந்த வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று ஒருவர் நிற்கலாம். அதனால் வாங்குபவரைச் சூடேற்றும் முன், பங்குக்காரர் பட்டியலை எழுதி, யார் சம்மதம் வாயால், யார் சம்மதம் எழுத்தில், யார் இன்னும் பேசவே இல்லை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்தவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். "எட்டுப் பேர்ல ஆறு பேர் சரின்னுட்டாங்க. ஒருத்தர் மலேசியாவுல, பவர் அனுப்பணும். இன்னொருத்தர்கிட்ட தைக்கு அப்புறம்தான் பேச முடியும்." மாதம் ஒரு தடவை, ஒரு பெயர் நகர்ந்தால் மட்டும், செய்தி. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பும் பவர் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். அதனால் பவர் வந்த தேதி, தீர்வை கட்டிய தேதி இரண்டுமே வாங்குபவருக்குச் சொல்லத் தகுந்த விஷயங்கள். ஹோட்டலாக மாற்ற நினைத்து வருபவர்கள் இந்த வேகத்துக்குத் தயாராகத்தான் வருகிறார்கள். "அடுத்த வாரம் முடிஞ்சிரும்" என்று மூன்று மாதம் கேட்பதைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

எல்லாப் பங்குக்காரரும் எழுத்தில் வரும் முன் டோக்கன் வாங்காதீர்கள்.

பழைய பார்ட்டி எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெசேஜ் போட்டா நேரம் மிச்சமாகுமே?

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு தடவை வீடு பார்த்தவர் சேமித்திருப்பார் என்று சொல்ல முடியாது. குரூப்பில் இழுத்துப் போடுவது அதை விட மோசம், அவர் நம்பர் முன்பின் தெரியாத நூறு பேருக்குப் போய்விடும். தீபாவளி வாழ்த்துப் படத்தின் கீழே உங்கள் விசிட்டிங் கார்டை ஒட்டி அனுப்புவதை யாரும் தொடர்பு என்று எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், பார்த்த வீடு, அவர் கேட்டது, நான் சொன்னது, அடுத்த நாள். காலையில் "அடுத்த நாள்" கட்டத்தில் இன்றைய தேதி இருப்பவருக்கு மட்டும் பேசினால், மற்றவர்களை நச்சரிக்க நேரமே இருக்காது.

எப்போ விடணும்?

புதிய விவரத்தோடு போன மூன்று செய்திக்கும் பதில் இல்லை என்றால் நான்காவது கடைசி. "ஐயா, அந்த வீட்டு விஷயமா இனி நான் தொந்தரவு பண்ணலை. விலை மாறினா மட்டும் ஒரு வரி போடுறேன், அதுவும் வேண்டாம்னா சொல்லுங்க." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். விலை உண்மையிலேயே இறங்கினால் ஒரு தடவை எழுதலாம். ஐம்பதாயிரம் குறைந்ததற்கெல்லாம் எழுத வேண்டாம், 62 லட்சம் 58 ஆனால் எழுதுங்கள்.

வேற வீடு வாங்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இனி?

வாழ்த்து ஒன்று சொல்லிவிட்டு அந்த வரியை நோட்டில் அடித்துவிடுங்கள். எவ்வளவுக்கு முடித்தார், யார் முடித்துக் கொடுத்தார் என்று துருவாதீர்கள். பால் காய்ச்சி ஒரு மாதம் ஆன பிறகு, முன்பு இருந்த பழைய வீட்டை விற்கிற யோசனை இருக்கிறதா, வாடகைக்கு விடுகிறாரா என்று கேட்கலாம்.